குரலின் சுருதி மாறாமல் பேச்சின் வேகத்தை மாற்றுவது எப்படி?

ஆறு நிமிடம் ஓடும் ஒரு வாசிப்புப் பதிவு கையில் இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். மறுபடி பேசிப் பதிவு செய்ய வழியில்லை. எந்த வரியையும் வெட்டவும் கூடாது. குரல் பதிவுகளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு நிலை வரும். இந்த ஒரு பதிவையே எடுத்துக்கொண்டு, முதல் படி முதல் கடைசிப் படி வரை போவோம். மெதுவாக்குவது எப்படி என்பதையும் பிறகு பார்க்கலாம்.

வேலைக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மெனுப் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே தருகிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதிகள் வேறு பெயர்களில் இருக்கும்.

குரல் ஏன் கீச்சிடுகிறது?

பதிவை அப்படியே வேகமாக ஓட்டினால் ஒலியலைகள் எல்லாமே நெருங்கிவிடும். ஒரு நொடிக்கு 200 முறை அதிர்ந்த குரல், 1.2 மடங்கு வேகத்தில் 240 முறை அதிரும். அதாவது சுருதி மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்று மேலே ஏறிவிடும். இரண்டு மடங்கு வேகம் என்றால் முழு ஒரு ஸ்தாயி ஏறும். சுருதி மட்டும் ஏறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொண்டையும் வாயும் சேர்ந்து ஒலிக்குத் தருகிற தனி நிறமும் கூடவே மேலே போவதால்தான், பெரியவர் குரல் பொம்மைக் குரலாகிவிடுகிறது. ஆடாசிட்டியில் Change Speed and Pitch என்ற விளைவு செய்வது இதைத்தான். பேச்சுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நமக்கு வேண்டியது Change Tempo. அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் குறைகளைக் காதால் அடையாளம் காண்பது எளிது. பதிவைச் சில பத்து மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, துண்டுகளின் உள்ளே கை வைக்காமல், அவற்றை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி நெருக்கி அடுக்குகிறது. துண்டுக்குள் இருக்கும் அலை மாறவில்லை, அதனால் சுருதியும் மாறாது. துண்டுகள் சேரும் இடத்தில் அலையின் மேடும் பள்ளமும் ஒத்துப்போகிற புள்ளியைத் தேடி ஒட்டுவதுதான் சூட்சுமம். வெர்ஹெல்ஸ்ட், ரோலாண்ட்ஸ் என்ற இருவர் 1993-இல் இந்தத் தேடலுக்கு ஒரு நல்ல வழியை வெளியிட்டார்கள். இன்று பேச்சுக்குப் பயன்படும் பல கருவிகள் அந்த வழியையோ அதன் உறவுமுறைகளையோ பின்பற்றுகின்றன.

வேகமாக்கும்போது சில துண்டுகள் விடுபடும். மெதுவாக்கும்போது சில துண்டுகள் இரண்டு தடவை வரும். "ஆ" மாதிரி நீண்டு ஒலிக்கும் உயிரெழுத்தில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரே அலை திரும்பத் திரும்ப வருகிறது. "ட", "ப", "க" போன்ற எழுத்துகள் வெடிக்கிற நொடியில் அப்படி இல்லை. அந்த வெடிப்பு மிகக் குறுகியது, ஒரே ஒரு முறைதான் வரும். அது பாதியில் வெட்டுப்பட்டால் எழுத்து மழுங்கும். இரண்டு முறை வந்தால் திக்குவது போலக் கேட்கும்.

வேகத்தைத் தொடும் முன் இடைவெளியைத் தொடுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். ஒருவர் இயல்பாகவே வேகமாகப் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்குவதில்லை. முதலில் வாக்கியங்களுக்கு நடுவே விடும் இடைவெளிகளைக் குறைக்கிறார். அடுத்து உயிரெழுத்துகள் குறுகும். மெய்யெழுத்துகள் குறைவாகவே சுருங்கும், ஏனென்றால் நாக்கும் உதடும் தொட்டு விலகக் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்யும். மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. இடைவெளி, உயிர், மெய் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நசுக்கும். வேகம் மாற்றிய பேச்சு செயற்கையாகக் கேட்பதற்குச் சுருதியைவிடப் பெரிய காரணம் இதுவே. அதனால், குறைக்க வேண்டிய நேரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை இடைவெளிகளிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் Change Tempo-வுக்கு விட்டுவிடுவோம்.

நம் பதிவு 360 நொடி. அதில் வாக்கிய முடிவு இடைவெளிகள் 45 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.3 நொடி. பத்தி மாறும் இடங்கள் 12, அங்கே ஏறத்தாழ 2.5 நொடி. வாசிப்புப் பதிவுகளில் இது சாதாரணம். தாளைப் பார்த்து வாசிப்பவர்கள் அடுத்த வரியைக் கண்ணால் தேடும் நேரமும் இதில் சேர்ந்துவிடுகிறது.

முதலில் தயாரிப்பு. பதிவின் நகலை எடுத்து, மூலத்தைத் தனியாக வையுங்கள். முடிந்தால் வேவ் கோப்பிலேயே வேலை செய்யுங்கள். எம்பி3 சுருக்கத்தில் ஏற்கெனவே இழந்த நுணுக்கங்கள், வேகம் மாற்றும்போது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஒரே ஆளின் குரல் என்றால் ஸ்டீரியோவை மோனோவாக்கிவிடலாம். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே செய்து முடியுங்கள். பின்னணி இசை சேர்ப்பதாக இருந்தால், அது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து Effect மெனுவில் Special என்பதன் கீழ் இருக்கும் Truncate Silence-ஐத் திறக்கவும். அதில் இரண்டு வழிகள் இருக்கும். Truncate Detected Silence எல்லா நீண்ட இடைவெளிகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிடும். வாக்கிய முடிவுக்கும் பத்தி முடிவுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய், பேச்சு எந்திரத்தனமாகிவிடும். நமக்கு வேண்டியது Compress Excess Silence. அது, குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் இருக்கும் மிச்சத்தை மட்டும் ஒரு விகிதத்தில் சுருக்கும். நீண்ட இடைவெளி அப்போதும் குறுகிய இடைவெளியைவிட நீளமாகவே இருக்கும்.

Duration என்ற இடத்தில் 0.5, Compress to என்ற இடத்தில் 50 கொடுங்கள். 1.3 நொடி இடைவெளியில் முதல் 0.5 அப்படியே இருக்கும், மிச்சம் 0.8 பாதியாகி 0.4 ஆகும். மொத்தம் 0.9 நொடி, மிச்சமானது 0.4. இப்படி 45 இடங்களில் 18 நொடி கிடைக்கிறது. 2.5 நொடி இடைவெளி 1.5 ஆகும், 12 இடங்களில் 12 நொடி. ஆக 30 நொடி குறைந்து, பதிவு 330 நொடிக்கு வந்துவிட்டது. இதுவரை ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

இந்தப் படியில் கவனம் தேவைப்படுவது Threshold என்ற அளவு. எந்த மட்டத்துக்குக் கீழே இருப்பதை மௌனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது சொல்கிறது. மென்பொருளில் முதலில் இருக்கும் -20 டெசிபெல் பேச்சுக்கு மிக அதிகம். "பேச்சு", "வந்தது", "கேட்டு" போன்ற சொற்களின் கடைசிக் குற்றியலுகரம் மிக மெல்லியது. அதையும் மௌனம் என்று எண்ணி மென்பொருள் விழுங்கிவிடும். "பேச்ச்" என்று சொல் பாதியில் நிற்கும். யாரும் பேசாத இடத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டி, ஒலி அளவுமானியில் அறையின் இரைச்சல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். -55 அருகில் நின்றால் Threshold-ஐ -45 ஆக வையுங்கள். இரைச்சலுக்குப் பத்து டெசிபெல் மேலே என்பது தொடங்குவதற்கு நல்ல இடம்.

Duration-ஐ 0.5-க்குக் கீழே இறக்கும் ஆசையும் வேண்டாம். "பக்கம்", "பட்டு", "அப்பா" என்று சொல்லும்போது வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் காற்று முழுக்க அடைபடுகிறது. அலைவடிவத்தில் அது வெறும் மௌனமாகத்தான் தெரியும், ஏறத்தாழ 0.1 நொடி, நிதானமாகப் பேசுபவரிடம் அதைவிடக் கூடுதல். Duration மிகச் சிறிதாக இருந்தால் அந்த அடைப்பும் சுருங்கி, "பட்டு" என்பது "படு" பக்கம் சாயும். தமிழ்ப் பேச்சில் இந்தச் சிறு மௌனத்துக்குப் பொருள் உண்டு.

இப்போது வேகம்

330 நொடியை 300 ஆக்க வேண்டும். பலரும் தடுக்குவது இங்கேதான். 330-இல் 30 என்பது 9.1 சதவீதம், ஆகவே Percent Change-இல் 9.1 என்று கொடுத்தால் பதிவு 302 நொடிக்கு மேல் நிற்கும். அந்த இடத்தில் கேட்பது நேரம் எவ்வளவு குறைய வேண்டும் என்பதை அல்ல, வேகம் எவ்வளவு கூட வேண்டும் என்பதை. கணக்கு இதுதான்:

```
வேகம் = இப்போதைய நீளம் ÷ வேண்டிய நீளம்
330 ÷ 300 = 1.10   (அதாவது +10)
```

கணக்கே வேண்டாம் என்றால், அதே பெட்டியில் Length என்ற வரியில் வேண்டிய நீளத்தை 300 என்று தட்டினால் சதவீதத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும். Effect மெனுவில் Pitch and Tempo என்பதன் கீழ் Change Tempo இருக்கிறது.

இடைவெளியைக் குறைக்காமல் நேராக வந்திருந்தால் 360 ÷ 300, அதாவது 20 சதவீதம் கூட்டியிருக்க வேண்டும். 10 சதவீத மாற்றத்தை, பேசியவரை நன்றாகத் தெரிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 20 என்பது "என்ன இப்படி அவசரப்படுகிறார்?" என்று தோன்ற ஆரம்பிக்கும் இடம். 25-க்கு மேல் போனால் மெய்யெழுத்துகள் மழுங்குவது காதில் விழும். இவை என் காதுக்குப் பட்ட எல்லைகள். பேசியவர் ஏற்கெனவே வேகமானவர் என்றால் எல்லை இன்னும் கீழே வரும். 10 சதவீதமே அதிகமாகிவிடலாம்.

அந்தப் பெட்டியில் Use high quality stretching என்ற ஒரு தேர்வும் இருக்கிறது. பெயரைப் பார்த்தவுடன் அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அது வேறு முறையில் வேலை செய்கிறது. நேரமும் அதிகம் எடுக்கும். சிறிய மாற்றத்துக்கு, தனிக் குரலில், அது இல்லாமலே வெடிப்பெழுத்துகள் கூர்மையாக வருவதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். இருபது நொடிப் பகுதி ஒன்றை எடுத்து இரண்டு விதமாகவும் செய்து கேட்டுப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதை முழுப் பதிவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: 10 கொடுத்துப் பார்த்து, கொஞ்சம் அதிகம் என்று பட்டால், அதன்மேலேயே -3 என்று கொடுக்காதீர்கள். முதல் தடவை வெட்டி ஒட்டிய பதிவை மறுபடி வெட்டி ஒட்டுவதாகிவிடும். Undo செய்து, மூலத்திலிருந்து 7 கொடுங்கள். வேகம் மாற்றுவது ஒரு பதிவுக்கு ஒரே முறைதான் நடக்க வேண்டும்.

நிறையக் கோப்புகளுக்கு ஒரே மாற்றம் வேண்டும் என்றால் கட்டளை வரி வசதியானது. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில்:

```
ffmpeg -i vasippu.wav -filter:a "atempo=1.10" vasippu-110.wav
```

சாக்ஸ் என்ற கருவியில் பேச்சுக்கென்றே -s என்ற தேர்வு இருக்கிறது:

```
sox vasippu.wav vasippu-110.wav tempo -s 1.10
```

சாக்ஸில் speed என்றும் ஒரு கட்டளை உண்டு. அது சுருதியையும் சேர்த்து மாற்றிவிடும், கவனம்.

செய்த பிறகு எதைக் கேட்க வேண்டும்?

உடனே முழுவதையும் கேட்காதீர்கள். வேகமான பேச்சுக்குக் காது சீக்கிரம் பழகிவிடும். இரண்டு நிமிடம் போனால் எதுவுமே தவறாகத் தெரியாது. சற்று நேரம் விலகி இருந்துவிட்டு, ஹெட்போனில், மூலத்தில் ஒரு பத்தியையும் மாற்றியதில் அதே பத்தியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒற்று இரட்டிக்கும் சொற்களும், வாக்கியத்தின் கடைசி அசைகளும்தான் முதலில் கெடும். அங்கே காதை வையுங்கள். உயிரெழுத்துகளில் மெல்லிய நடுக்கம் கேட்டால் துண்டுகள் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பின்னணி இரைச்சலோ அறையின் எதிரொலியோ அதற்குக் காரணமாக இருக்கும். எதிரொலி நிறைந்த பதிவில் ஒவ்வொரு அலைமேலும் முந்தைய ஒலியின் மிச்சம் படிந்திருக்கும். ஒத்துப்போகும் புள்ளியைத் தேடுகிற கருவி குழம்பிவிடும். அப்படிப்பட்ட பதிவில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது.

மூச்சொலியையும் கவனியுங்கள். வேகம் கூடினால் சாதாரண மூச்சு, திடுக்கிட்டு இழுப்பது போலக் கேட்கும். அதை அடியோடு அழித்தால் மனிதர் மூச்சே விடாமல் பேசுவது போல இன்னும் விசித்திரமாக இருக்கும். தேர்ந்தெடுத்து 6 முதல் 8 டெசிபெல் குறைத்தால் போதும்.

எண்கள், ஆள் பெயர்கள், முகவரிகள் வரும் வரிகளைக் கேட்பவர் குறித்துக்கொள்ள நேரம் வேண்டும். அந்த வரிகளுக்குக் குறைந்த வேகம் வைக்கலாம். ஆனால் முழுப் பதிவையும் மாற்றிய பிறகு அல்ல, அதற்கு முன்பே அந்த வரிகளைப் பிரித்து வையுங்கள். பக்கத்துப் பகுதிகளுக்கிடையே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். வேகம் மாறும் இடம் எப்போதும் ஒரு மூச்சு இடைவெளியில் விழ வேண்டும். வாக்கியத்தின் நடுவே மாறினால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும்.

பேசுபவரின் முகம் தெரியும் காணொளி என்றால் இடைவெளி சுருக்கும் வழி அப்படியே பயன்படாது. உதடும் ஒலியும் விலகிவிடும். அங்கே காட்சியையும் அதே இடங்களில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் படம், ஒலி இரண்டுக்கும் ஒரே விகிதம் கொடுத்து, 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மெதுவாக்குவது இதைவிடக் கடினம்

வேகமாக்கும்போது இருப்பதை விட்டுவிடலாம். மெதுவாக்கும்போது இல்லாததை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதனால் குறைகள் சீக்கிரமே வெளிப்படும்: வெடிப்பெழுத்துகள் திக்கும், உயிரெழுத்துகள் இழுபடும், பேசுபவர் அரைத்தூக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். 10 சதவீதம் வரை பெரும்பாலான குரல்கள் தாங்கும். 15 சதவீதத்தில் சந்தேகம். 20 சதவீதம் குறைப்பது மொழி கற்பவர்களுக்கான பயிற்சி ஒலிக்கு உதவலாம். இயல்பான பேச்சாக அதைக் கேட்க முடியாது.

இங்கேயும் அதே யோசனைதான், திசை மட்டும் எதிர். படபடவென்று பேசப்பட்ட நான்கு நிமிடப் பதிவு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். Change Tempo-வில் -8 கொடுங்கள். 240 ÷ 0.92 என்பது ஏறத்தாழ 261 நொடி. பிறகு 40 வாக்கிய முடிவுகளிலும் 0.3 நொடி சேர்த்தால் இன்னும் 12 நொடி, மொத்தம் 273. நீளத்தை மட்டும் பார்த்தால் இது 12 சதவீதம் மெதுவாக்கியதற்குச் சமம், ஆனால் சொற்கள் இழுபட்டது 8 சதவீதம் மட்டுமே. கேட்பவருக்கும் இடைவெளிதான் அதிகம் உதவுகிறது. கேட்டதை மனதில் வாங்கிக்கொள்ள அங்கேதான் நேரம் கிடைக்கிறது.

இடைவெளியைச் சேர்க்க Generate மெனுவில் உள்ள Silence-ஐப் பயன்படுத்தாதீர்கள். அது முழு மௌனம். அறையின் மெல்லிய இரைச்சல் திடீரென்று அறுந்து மறுபடி வருவது, சத்தமான இரைச்சலைவிட அதிகமாகக் காதை உறுத்தும். பதிவில் யாரும் பேசாத, மூச்சும் இல்லாத ஒரு நொடிப் பகுதியைத் தேடி, அதிலிருந்து 0.3 நொடி நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டும் இடம் முந்தைய சொல்லின் ஓசை முழுக்க அடங்கிய பிறகும், அடுத்த மூச்சு தொடங்குவதற்கு முன்பும் இருக்க வேண்டும். மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒட்டினால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலக் கேட்கும்.

புதிதாகப் பதிவு செய்யும் வாய்ப்பு இருந்தால், பேச ஆரம்பிக்கும் முன் பத்து நொடி யாரும் அசையாமல் மைக்கை ஓடவிடச் சொல்லுங்கள். பின்னால் இடைவெளி நிரப்பவும், Threshold அளவைக் கண்டுபிடிக்கவும், இரைச்சலைக் குறைக்கவும் அந்தப் பத்து நொடியே பயன்படும்.